பயாஸ் புதுப்பிப்பு: எந்தக் கணினிக்குத் தேவை, எதைத் தொடாமல் விடலாம்?

மடிக்கணினியைத் திறந்து சில நிமிடங்களில் திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி வரும். புதிய பயாஸ் பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே நிறுவலாமா என்று கேட்கும். கைப்பேசிச் செயலியைப் புதுப்பிப்பது போல் நினைத்துப் பலரும் ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் ஒன்றும் ஆவதில்லை. ஆனால், ஏதாவது ஆகிவிட்டால் அதைச் சரிசெய்வது மற்ற மென்பொருளைச் சரிசெய்வது போன்ற வேலை அல்ல. அதனால்தான் இந்தப் புதுப்பிப்பை மட்டும், காரணம் இருந்தால் செய்வது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்று பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கிறார்கள்.

பயாஸ் என்பது எது?

கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் எட்டுக் கால்களுடன் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு ஒட்டப்பட்டிருக்கும். அதற்குள் இருக்கும் சிறிய மென்பொருள்தான் முதலில் ஓடுகிறது. நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, வட்டு எங்கே என்று அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். பிறகு வட்டில் உள்ள விண்டோஸைத் தேடிப் பிடித்து வேலையை அதனிடம் ஒப்படைக்கும். அந்த மென்பொருளுக்குத்தான் பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் இருப்பது அதன் அடுத்த தலைமுறையான யுஇஎஃப்ஐ. ஆனாலும் கடைக்காரர்களும் தயாரிப்பாளர்களும் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

அந்தச் சில்லின் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட்தான். கைப்பேசியில் எடுத்த சில படங்களே அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆனால், அந்தச் சிறிய இடத்தில் இருப்பது கெட்டுவிட்டால் ஒரு டெராபைட் வட்டில் இருப்பதைத் திறந்து பார்க்க வழியில்லாமல் போகிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இந்தச் சில்லில் உள்ளதை அப்படியே மேலெழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை அழிக்க வேண்டும், பிறகு புதியதை எழுத வேண்டும். அடுத்த பகுதியிலும் இதே வேலை. இப்படிச் சில நிமிடங்கள் போகும். அந்த நேரத்தில் பழைய பயாஸ் பாதி அழிந்திருக்கும், புதியது பாதிதான் எழுதப்பட்டிருக்கும். நுனிக் கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக் கிளையை வெட்டுவது போன்ற நிலை அது.

அந்த நேரத்தில் மின்சாரம் போனால், மறுமுறை பொத்தானை அழுத்தும்போது செயலி தேடும் முதல் கட்டளையே சில்லில் இல்லாமல் போகலாம். விண்டோஸ் கெட்டால் பென்டிரைவிலிருந்து மீண்டும் நிறுவிவிடலாம். ஆனால், பென்டிரைவைப் படிக்கச் சொல்வதே பயாஸ்தான். அது இல்லாதபோது மீண்டும் நிறுவும் பேச்சுக்கே இடமில்லை.

நம் ஊரில் இது வெறும் கற்பனையும் அல்ல. பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகலில் இடியும் மழையும் சேர்ந்து வருகின்றன. பக்கத்தில் ஓர் இடி விழுந்தால் வீட்டு மின்பெட்டியில் உள்ள பாதுகாப்புச் சுவிட்ச் தானாக விழுந்துவிடுவதைத் தோட்ட வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். விசிறியும் விளக்கும் நின்றால் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அந்த நொடியில் பயாஸ் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு.

மடிக்கணினிக்கு மின்கலம் இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல மின்கலம் இருந்தால் அது உண்மைதான். ஐந்தாறு ஆண்டு ஓடிய மடிக்கணினிகள் பலவற்றில் மின்கலம் பெயருக்குத்தான் இருக்கும். மின்கம்பியைக் கழற்றியதும் கணினி அணைந்துவிடும். அதனால்தான் பயாஸ் நிறுவும் மென்பொருள் மின்கலத்தின் அளவைப் பார்த்து, போதாவிட்டால் வேலையைத் தொடங்க மறுக்கிறது. அந்த மறுப்பைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் தொடவே கூடாது.

ஒரே வீட்டில் இரண்டு கணினிகள்

முடிவெடுப்பது எப்படி என்பதைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கிள்ளானில் ஒரு வீடு. அங்கே இரண்டு கணினிகள். ஒன்று, 2019-இல் வாங்கிய மடிக்கணினி. படிவம் ஐந்தில் படிக்கும் மகள் அதில்தான் பள்ளி வேலைகளைச் செய்கிறாள், குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. மின்கலம் இருபது நிமிடம் தாங்கும். மற்றொன்று, அண்ணன் 2023-இல் பகுதி பகுதியாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினி. அதில் இண்டெல் 13-ஆம் தலைமுறை ஐ7 செயலி. இரண்டுக்குமே புதிய பயாஸ் வந்திருக்கிறது.

முதலில் மடிக்கணினியைப் பார்ப்போம். அது நன்றாக ஓடுகிறது. தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குச் சென்றால், ஒவ்வொரு பயாஸ் பதிப்புக்கும் கீழே என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பு இருக்கும். முடிவுக்கு அடிப்படை அந்தக் குறிப்புதான். வெளித் திரையை ஒரு குறிப்பிட்ட இணைப்பியில் மாட்டும்போது வந்த கோளாறு சரிசெய்யப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகளிடம் வெளித் திரையே இல்லை. அப்படியானால் இந்தப் புதுப்பிப்பால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை, ஆபத்து மட்டும்தான் மிச்சம். மின்கலமும் பலவீனமாக இருப்பதால் இதை விட்டுவிடுவதே சரி. பதிப்பு எண் பழையதாக இருப்பது ஒரு நோய் அல்ல.

புதிய பயாஸ் போட்டால் கணினி வேகமாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஆறு ஆண்டு பழைய மடிக்கணினி மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய சுழல்வட்டு, போதாத நினைவகம், தூசி அடைத்த விசிறி ஆகியவைதான். பயாஸ் இவற்றில் எதையும் மாற்றாது.

குறிப்பில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் இருந்தால் கணக்கு சற்று மாறும். பயாஸில் உள்ள ஓட்டையை அடைக்கும் திருத்தங்கள் உண்மையிலேயே வருகின்றன. தயாரிப்பாளர் அதை அவசரம் என்று குறித்து, தன் சொந்தக் கருவி வழியாகவோ விண்டோஸ் அப்டேட் வழியாகவோ அனுப்பினால், அதை ஏற்கலாம். அப்போதும் அன்றே போட வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால், புதிய பதிப்பில் கோளாறு இருந்தால் அது வெளியே தெரிந்துவிடும். மின்கலம் செத்துப்போன கணினியில் முதலில் மின்கலத்தை மாற்றிவிட்டு இந்த வேலையைச் செய்யலாம்.

அண்ணனின் கணினிக்கு ஏன் தேவை?

இப்போது மேசைக் கணினி. சில மாதங்களாக விளையாட்டுகள் பாதியில் மூடிக்கொள்கின்றன. திரையில் வரும் செய்தி இது:

```
Out of video memory trying to allocate a rendering resource
```

படித்தால் வரைகலை அட்டையின் நினைவகம் போதவில்லை என்றுதான் தோன்றும். புதிய அட்டை வாங்கக்கூட மனம் போகும். ஆனால், 13, 14-ஆம் தலைமுறை இண்டெல் மேசைக் கணினிச் செயலிகளில் இந்தச் செய்தி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது செயலியைத்தான்.

2024-இல் இது உலகம் முழுவதும் பேசப்பட்ட பிரச்சினை. குறிப்பிட்ட நேரங்களில் செயலி தனக்குத் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அதிக மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து செயலிக்குள் ஒரு பகுதியை மெல்ல மெல்லத் தேய்த்தன. ஐ7, ஐ9 வகைகளும் ஐ5-இன் மேல்நிலை வகைகளும் இதில் அடங்கும். மடிக்கணினிச் செயலிகளுக்கு இந்தக் கோளாறு இல்லை என்று இண்டெல் அறிவித்தது.

இதற்கான திருத்தம் செயலிக்குள் ஏற்றப்படும் நுண்கட்டளைத் தொகுப்பாக வந்தது. 2024 ஆகஸ்டில் 0x129 என்ற பதிப்பும், செப்டம்பரில் 0x12B என்ற பதிப்பும் வெளியாயின. இவை மதர்போர்டு தயாரிப்பாளர்களின் புதிய பயாஸ் வழியாகவே பயனரின் கைக்கு வந்தன. ஆகவே, அந்தச் செயலிகளை வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பிக்காமல் விடுவதுதான் ஆபத்து. கணினி இன்னும் நன்றாக ஓடினாலும் அவர்கள் இதைச் செய்துவிடுவது நல்லது. ஏனென்றால், இந்தத் திருத்தம் இனி வரக்கூடிய தேய்மானத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த செயலியை அது குணப்படுத்தாது.

அண்ணனின் கணினியில் கோளாறு தொடங்கிவிட்டது. புதிய பயாஸ் போட்ட பிறகும் அதே செய்தி வந்தால், அந்தச் செயலி தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உத்தரவாதத்தைக் கேட்க வேண்டும். பெட்டியுடன் விற்கப்பட்ட இந்தச் செயலிகளுக்கு இண்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டி ஐந்து ஆண்டுகள் ஆக்கியிருக்கிறது. கடை ரசீதைத் தேடி எடுத்து வைப்பது இங்கே உதவும். முழுக் கணினியாக வாங்கியவர்கள் விற்ற கடையிடம் கேட்க வேண்டும்.

செய்வதென்றால் எப்படிச் செய்வது?

முதல் வேலை, கணினியின் சரியான மாடலைத் தெரிந்துகொள்வது. விசைப்பலகையில் விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யலாம்:

```
msinfo32
```

திறக்கும் பக்கத்தில் BIOS Version/Date என்ற வரியில் இப்போதைய பதிப்பு இருக்கும். மடிக்கணினியாக இருந்தால் System Model என்ற வரியையும், சொந்தமாகச் சேர்த்த மேசைக் கணினியாக இருந்தால் BaseBoard Product என்ற வரியையும் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். பெயரின் கடைசியில் வரும் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பலகையாக இருக்கலாம். சில பலகைகளில் ஒரே பெயரில் இரண்டு மூன்று திருத்தப் பதிப்புகள் இருக்கும். அந்த எண் பலகையின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். தவறான கோப்பைப் பெரும்பாலான கருவிகள் ஏற்பதில்லை. அதற்காக அதை நம்பிச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

கோப்பைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். உங்கள் பயாஸ் பழையது, இங்கே அழுத்துங்கள் என்று வேறு தளங்களில் வரும் விளம்பரங்களையும், எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் புதுப்பிக்கிறோம் என்று சொல்லும் மென்பொருளையும் நம்பிப் பயாஸைத் தொடக் கூடாது.

இரண்டாவது வேலையைத்தான் பலரும் மறக்கிறார்கள். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. அந்தப் பூட்டு, பயாஸ் மாறாமல் இருக்கிறதா என்பதையும் கவனிக்கிறது. பயாஸ் மாறினால், வேறு யாரோ கணினியில் கைவைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது இல்லாமல் வட்டில் உள்ள படங்களையும் பாடங்களையும் திறக்க முடியாது. கடைக்காரராலும் முடியாது.

ஆகவே, தொடங்கும் முன் அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இந்த வரியைக் கொடுத்தால் சாவி தெரியும்:

```
manage-bde -protectors -get C:
```

ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுக் கூட்டங்களாக அது வரும். பென்டிரைவிலிருந்து நேரடியாகப் பயாஸைப் புதுப்பிக்கப் போகிறவர்கள், அதற்கு முன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் நல்லது. அதற்கான வரி இது:

```
manage-bde -protectors -disable C:
```

வேலை முடிந்து விண்டோஸ் திறந்ததும் பூட்டு மீண்டும் செயல்படத் தொடங்கும்.

மூன்றாவது வேலை நேரம் பார்ப்பது. மழை இல்லாத காலை நேரம் நல்லது. மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும், மின்கம்பியும் மாட்டியிருக்க வேண்டும். மேசைக் கணினிக்கு மின்கலம் கிடையாது. யாரிடமாவது மின்காப்புப் பெட்டி இருந்தால் அன்று ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

தொடங்கிய பிறகு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். திரை சில நிமிடம் கறுப்பாக இருக்கலாம். விசிறி இரையலாம். கணினி இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழலாம். இவை எல்லாம் இயல்புதான். உறைந்துவிட்டது என்று பதறி மின்பொத்தானை அழுத்தி அணைப்பதாலேயே பல கணினிகள் பழுதாகின்றன. திரையில் அசைவே இல்லாவிட்டாலும் குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் msinfo32 பக்கத்தில் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். புதிய பயாஸ் பழைய அமைப்புகளை அழித்துவிடுவதும் உண்டு. முன்பு ஓடிய விண்டோஸ் திடீரெனத் திறக்க மறுத்தால், வட்டை இணைக்கும் முறை பயாஸ் அமைப்பில் மாறியிருக்கலாம். அதற்காகத்தான், தொடங்கும் முன்பே பயாஸ் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்ப விடுவதில்லை. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துத் தொடங்கக் கூடாது.

எழவே இல்லை என்றால்?

மின்விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் தயாரிப்பாளரின் சின்னம்கூட வரவில்லை, விசைப்பலகையில் Caps Lock விளக்கு அழுத்தினாலும் மாறவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகும் இப்படியே இருந்தால் பயாஸ் கெட்டிருக்கலாம். நீலத் திரையில் சாவி கேட்டால் பயாஸ் கெடவில்லை, பூட்டு மட்டும் விழித்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வட்டை அழித்துவிடக் கூடாது.

பல கணினிகளில் தயாரிப்பாளரே ஒரு மீட்பு வழி வைத்திருப்பார். எச்பி மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் B-ஐயும் பிடித்துக்கொண்டு மின்பொத்தானை அழுத்தினால், முன்பே சேமித்த நகலிலிருந்து பயாஸ் மீண்டும் எழுதப்படும். டெல் கணினிகள் பலவற்றில் Ctrl, Esc விசைகள் அதே வேலையைச் செய்யும். மேசைக் கணினி மதர்போர்டுகள் சிலவற்றில் பின்புறம் ஒரு தனிப் பொத்தான் இருக்கும். கோப்பைப் பென்டிரைவில் வைத்து அதை அழுத்தினால், கணினி எழாமலேயே பயாஸ் எழுதப்படும். அண்ணனின் பலகையில் அந்தப் பொத்தான் இருந்தால் அவருக்குப் பாதிக் கவலை குறைகிறது.

இவை எதுவும் பலிக்காவிட்டால் கடைதான். அங்கே அந்த எட்டுக்கால் சில்லின்மீது ஒரு பிடிப்பானை மாட்டி, தனிக் கருவியால் நேரடியாக எழுதுவார்கள். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம், சில்லை மட்டும் எழுதிப் பார்க்க முடியுமா என்று முதலில் கேட்கலாம். எழுதும் முன், சில்லில் இப்போது இருப்பதை நகலெடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். கணினியின் தொடர் எண்ணும், கடையில் வாங்கியபோதே வந்த விண்டோஸ் உரிமச் சாவியும் அதற்குள் இருக்கலாம். வேறொரு கணினியின் கோப்பை அப்படியே ஏற்றினால் அவை போய்விடும்.

கிள்ளான் வீட்டுக் கணக்கு இப்படி முடிகிறது. அண்ணன் மீட்புச் சாவியை எழுதிக்கொண்டு, பயாஸ் பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கணினியைப் புதுப்பிக்க வேண்டும். தங்கையின் மடிக்கணினியில் வரும் பெட்டியை மூடிவிடலாம். ஆனால், அவளுடைய 48 இலக்கச் சாவியையும் அன்றே எழுதி வைத்துவிட வேண்டும். மதர்போர்டு வேறு காரணத்தால் செத்தாலும் வட்டைத் திறக்கத் தேவைப்படுவது அந்த எண்கள்தான்.